சுருங்கச் சொல்லலும் குன்றக் கூறலும்

நூல் இயற்றுவோர் விலக்க வேண்டிய குற்றங்கள் பத்து என்றும், கொள்ள வேண்டிய அழகுகள் பத்து என்றும் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்திருக்கிறார். குற்றங்களின் வரிசையில் முதலில் நிற்பது குன்றக் கூறல். அழகுகளின் வரிசையில் முதலில் நிற்பது சுருங்கச் சொல்லல். இரண்டிலும் சொற்கள் குறைவாகவே இருக்கும். மேலாகப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும் ஒன்று குற்றம், மற்றொன்று அழகு. குன்றக் கூறுவதில் வேண்டிய பொருள் குறைந்துபோகிறது. சுருங்கச் சொல்வதிலோ வேண்டாத சொல் மட்டுமே குறைகிறது.

இந்த வேறுபாடு நூலாசிரியருக்கு மட்டும் உரியது அன்று. கைப்பேசியில், வாட்ஸ்அப் வழியாகத் தொழில் நடத்துகிற எவரும் ஒரு நாளில் பல முறை சந்திக்கிற வேறுபாடு இது. அலுவலகங்களில் புதிதாகச் சேரும் இளைஞர்களுக்கு அலுவல் எழுத்தைக் கற்றுக்கொடுப்பது என் தொழில். அவர்களிடம் நான் கேட்கும் குறைகள் இரண்டே வகைதாம். "நீளமாக எழுதினால் யாரும் படிப்பதில்லை" என்பது ஒன்று. "சுருக்கி எழுதினால் திமிர் என்கிறார்கள்" என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே. ஒரு குறையிலிருந்து தப்பி மற்றொரு குறையில் விழாமல் எழுதுவது எப்படி என்பதைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

சுருக்கம் என்றதும் நம்மில் முதியோருக்குத் தந்திதான் நினைவுக்கு வரும். இந்தியாவில் 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தோடு தந்திச் சேவை நின்றுபோயிற்று. தந்தியில் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு. அந்தக் காசைக் கொடுத்தவர் அனுப்பியவர். ஆகவே அவரே தம் சொல்லை எண்ணி எண்ணிக் குறைத்தார். கைப்பேசிச் செய்தியிலோ அனுப்புகிறவருக்குச் செலவு இல்லை. எண்பது சொல்லானாலும் எட்டுச் சொல்லானாலும் அவருக்கு ஒன்றுதான். செலவு முழுவதும் படிக்கிறவர் தலையில் விழுகிறது. அவர் தம் நேரத்தையும் கவனத்தையும் கொடுத்துத்தான் அதைப் படித்தாக வேண்டும். இதனால்தான் இன்றைய செய்திகள் நீள்கின்றன.

ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு பார்ப்போம். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிற ஓர் அலுவலகம். அங்கே ஆர்டர்களைக் கவனிக்கும் ஓர் இளைஞர், சாயப்பட்டறையின் மேற்பார்வையாளருக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் எழுதுகிறார். மேற்பார்வையாளர் வயதில் மூத்தவர். பல ஆண்டு அனுபவம் உள்ளவர். பேச்சு வழக்கைச் சற்று மாற்றிப் படிக்கிறேன்:

"அண்ணா, வணக்கம். நலமாக இருக்கிறீர்களா? அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன வாரம் சொன்னீர்கள், இப்போது எப்படி இருக்கிறார்கள்? தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிக்கவும். நேற்றே கேட்க நினைத்தேன், ஆனால் நேற்று முழுவதும் மின்சாரம் இல்லை, அப்புறம் எங்கள் மேலாளரும் வெளியூர் போய்விட்டார். நீங்கள் அனுப்பிய கருநீலச் சாம்பிள் வந்தது, நன்றாகத்தான் இருந்தது, ஆனால் வாங்குகிறவர்கள் பார்த்துவிட்டு, ஒப்புதல் கொடுத்த நிறத்தைவிடச் சற்று வெளுப்பாக இருக்கிறது என்கிறார்கள், எனக்கு அப்படித் தெரியவில்லை. அதனால் இன்னொரு முறை சாயமிட்டு ஒரு சாம்பிள் கொடுத்தால் நன்றாக இருக்கும், முடிந்தால் சீக்கிரம், வெள்ளிக்கிழமை கூரியரில் போக வேண்டும். அப்புறம் போன மாதப் பில்லில் ஒரு சின்னச் சந்தேகம், அதையும் பேச வேண்டும். உங்களுக்கு வேலை அதிகம் என்று தெரியும், தவறாக நினைக்க வேண்டாம் அண்ணா."

எண்பதுக்கு மேற்பட்ட சொற்கள். எழுதியவர் நல்லவர், பணிவுள்ளவர் என்பதில் ஐயம் இல்லை. ஆனால் இதைப் பெறுகிறவரை எண்ணிப் பாருங்கள். அவர் இயந்திர இரைச்சலுக்கும் நீராவிக்கும் நடுவே நிற்கிறார். கைப்பேசி ஒலிக்கிறது. பூட்டிய திரையில் முதல் இரண்டு வரிகள் மட்டுமே தெரிகின்றன. வணக்கமும் நலம் விசாரிப்பும் அந்த வரிகளில் இருக்கின்றன. வேலை அங்கே இல்லை. "பிறகு பார்க்கலாம்" என்று கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிடுகிறார். மாலையில் முழுவதும் படித்தாலும், "சீக்கிரம்" என்பது எந்த நாள், எந்த மணி என்று அவருக்குத் தெரியாது. கடைசியில் நிற்பது பில் சந்தேகம். பணம் பற்றிய செய்தி கண்ணில் பட்டதும் நிறம் பற்றிய செய்தி பின்னே போய்விடுகிறது. "பில்லில் என்ன சந்தேகம்?" என்று மட்டும் பதில் வருகிறது. வெள்ளிக்கிழமைக் கூரியர் சாம்பிள் இல்லாமலே புறப்பட்டுப் போகிறது. நிறத்துக்கு ஒப்புதல் கிடைக்காமல் மொத்தத் துணிக்கும் சாயமிட முடியாது. ஆகவே அதன் பின்னே வரும் வெட்டும் தையலும் காத்து நிற்கின்றன.

இப்படி ஒரு முறை பட்ட இளைஞர் அடுத்த முறை என்ன எழுதுகிறார்?

"கருநீலச் சாம்பிள் வெளுப்பு. மறுபடி சாயமிட்டு வியாழனுக்குள் அனுப்பவும்."

ஏழே சொற்கள். ஆனால் இது சுருங்கச் சொல்லல் ஆகுமா? ஆகாது, இது குன்றக் கூறல். வெளுப்பு என்று சொன்னவர் யார்? எதனோடு ஒப்பிட்டுச் சொன்னார்? வியாழன் ஏன்? இவற்றுக்கு விடை இல்லாததால், "உன் வேலை சரியில்லை" என்ற தீர்ப்பு மட்டும் மேற்பார்வையாளரின் காதில் விழுகிறது. குளிர்ச்சி அதனால் வந்ததே அன்றிச் சொல் குறைந்ததனால் வரவில்லை. காரணம் இல்லாத வேண்டுகோள் கட்டளையாகவே ஒலிக்கும்.

இனி, சுருக்கும் முறைக்கு வருவோம். நீண்ட செய்தியைக் கையில் எடுத்தவுடன் வெட்டத் தொடங்கலாகாது. முதலில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: இதைப் படித்து முடித்ததும் பெறுகிறவர் செய்ய வேண்டியது என்ன? அதை வினைச்சொல்லோடும், நாளோடும், மணியோடும் ஒரு வாக்கியமாக எழுதிவிட வேண்டும். நம் இளைஞரின் செய்தியில் அந்த வாக்கியம் "இன்னொரு சாம்பிள் சாயமிட்டு வியாழன் மாலை 4 மணிக்குள் தர வேண்டும்" என்பதே. அதுவே செய்தியின் முதல் வரி.

அடுத்தது காரணம். எல்லாக் காரணங்களையும் சொல்ல வேண்டியதில்லை. எந்தச் செய்தி பெறுகிறவரின் செயலை மாற்றுமோ, அந்தச் செய்தி மட்டும் போதும். ஒரு வாக்கியத்தை நீக்கிப் பாருங்கள். அது இல்லாவிட்டாலும் அவர் அதே செயலை அதே முறையில் செய்வார் என்றால், அது வேண்டாத வாக்கியம். மின்சாரம் நின்ற கதை நீங்கினால் சாயம் மாறாது. ஒப்புதல் பெற்ற துண்டோடு ஒப்பிட்டார்கள் என்பது நீங்கினால் சாயம் மாறிவிடும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சாயத் தொழிலில் உள்ளவர்கள் அறிவார்கள்: பகல் வெளிச்சத்தில் ஒத்துப்போகிற இரண்டு துணிகள் கடையின் விளக்கொளியில் வேறுபட்டுத் தோன்றக்கூடும். எந்த வெளிச்சத்தில் வெளுப்பாகத் தெரிந்தது என்பதே மேற்பார்வையாளர் முதலில் கேட்கும் கேள்வி. எண்பது சொற்களில் அதற்கு இடம் கிடைக்கவில்லை! ஆகவே சுருக்கும்போது சில சொற்களைச் சேர்க்கவும் வேண்டியிருக்கும். வாங்குகிறவர்களின் கடிதத்தைப் பார்த்து, "பகல் வெளிச்சத்தில்" என்ற இரண்டு சொற்களை இளைஞர் சேர்த்துவிட்டால், போக வரப் பேசும் பேச்சு ஒரு நாள் மிச்சமாகும்.

வேண்டுகோளையும் காரணத்தையும் எடுத்துவிட்டால், செய்தியில் எஞ்சி நிற்பவை பெரும்பாலும் மூன்று வகையாக இருக்கும்.

முதல் வகை, எழுதுகிறவர் தாம் வந்த வழியைச் சொல்வது. நேற்றுக் கேட்க நினைத்தது, மின்சாரம் நின்றது, மேலாளர் வெளியூர் போனது எல்லாம் இந்த வகை. இவற்றைத் தயங்காமல் விட்டுவிடலாம்.

இரண்டாம் வகை, வேறு பொருளை இழுத்துக்கொண்டு வருவது. நன்னூலார் இதற்கு மற்றொன்று விரித்தல் என்று பெயரே இட்டிருக்கிறார். பில் பற்றிய சந்தேகம் இந்த வகை. அதை அழிக்க வேண்டா. தனிச் செய்தியாக, வேறொரு வேளையில் அனுப்ப வேண்டும். ஒரு செய்தியில் இரண்டு கேள்விகள் இருந்தால் ஒன்றுக்கே விடை வருகிறது என்பதை எவரும் தம் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் வகைதான் கடினமானது. அது அச்சம். "தொந்தரவுக்கு மன்னிக்கவும்", "தவறாக நினைக்க வேண்டாம்", "எனக்கு அப்படித் தெரியவில்லை" என்பவை எல்லாம் அச்சத்தின் சொற்கள். இவற்றை அப்படியே வைத்துக்கொண்டால் செய்தி நீள்கிறது. வெறுமனே வெட்டிவிட்டால் செய்தி கடுமையாகிறது. என்ன செய்வது? இந்தச் சொற்களுக்குள் ஒரு நல்ல எண்ணம் இருக்கிறது: "உங்களுக்கு வேலை அதிகம், உங்களால் முடியாமலும் போகலாம், அதை நான் அறிவேன்" என்ற எண்ணம் அது. அந்த எண்ணத்தை மன்னிப்பாகச் சொல்லாமல் ஒரு வழியாகத் திறந்துவிட வேண்டும். "வியாழன் கடினம் என்றால் எப்போது முடியும் என்று சொல்லுங்கள்" என்பது அப்படித் திறந்த வழி. மூன்று முறை மன்னிப்புக் கேட்பதைவிட, மறுக்க ஒரு முறை இடம் கொடுப்பதே மரியாதை.

இனி, இளைஞரின் செய்தியைத் திருத்தி எழுதினால் இப்படி அமையும்:

"அண்ணா, கருநீலத்தில் இன்னொரு சாம்பிள் சாயமிட்டு, வியாழன் மாலை 4 மணிக்குள் கொடுத்தனுப்ப முடியுமா? பகல் வெளிச்சத்தில், ஒப்புதல் ஆன துண்டைவிடச் சற்று வெளுப்பாகத் தெரிகிறது என்று வாங்குகிறவர்கள் எழுதியிருக்கிறார்கள். வெள்ளி காலைக் கூரியரில் நாம் புதியதை அனுப்பியாக வேண்டும். வியாழன் கடினம் என்றால் எப்போது முடியும் என்று இன்று மாலைக்குள் சொல்லுங்கள். நான் அவர்களிடம் பேசிக்கொள்கிறேன். அம்மாவுக்கு இப்போது உடம்பு எப்படி இருக்கிறது?"

ஐம்பதுக்கும் குறைந்த சொற்கள். பழைய செய்தியில் இருந்த பொருள் எதுவும் குறையவில்லை. இல்லாதிருந்த மணியும் வெளிச்சமும் கூடியிருக்கின்றன. தாயைப் பற்றிய விசாரிப்பும் இருக்கிறது. ஆனால் அது முதலிலிருந்து இறுதிக்கு வந்துவிட்டது. முதலில் நின்றபோது, வேலை கேட்பதற்கு முன் போட்ட பீடிகை போல் இருந்தது. வேலை முடிந்த பின் வரும்போது விசாரிப்பு விசாரிப்பாகவே நிற்கிறது. ஆனால் அந்தத் தாய் உயிருக்குப் போராடும் நிலையில் இருக்கிறார் என்று தெரிந்தால், இந்தச் செய்தியையே அவருக்கு அனுப்பலாகாது. பட்டறையில் வேறொருவரைக் கேட்டுக்கொண்டு, அவரிடம் நலம் மட்டும் விசாரிப்பதே முறை.

தமிழில் எழுதுகிறவர்கள் தனியே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் மொழியில் அன்பும் மரியாதையும் பெரும்பாலும் விகுதியிலும் சிறு சொற்களிலும் குடியிருக்கின்றன. 'அண்ணா', 'சற்று', '-ங்கள்', 'நாம்' என்பன எல்லாம் சிறியவை. அவற்றை நீக்கினால் மிச்சமாவது இரண்டு மூன்று எழுத்துகள். ஆயினும் அவசரமாகச் சுருக்குகிறவர் முதலில் கை வைப்பது அவற்றின்மேல்தான். "அனுப்பவும்" என்பது அறிவிப்புப் பலகையின் மொழி. செருப்பைக் கழற்றி வைக்கவும், வரிசையில் நிற்கவும் என்று முகம் தெரியாத கூட்டத்துக்குச் சொல்வது. "அனுப்புங்கள்" என்றால் முன்னே ஒரு மனிதர் இருக்கிறார். "அனுப்ப முடியுமா?" என்றால் அந்த மனிதருக்கு ஒரு விருப்பமும் இருக்கிறது. மூன்றுக்கும் நீளத்தில் வேறுபாடு ஒரு சொல்லுக்கு மேல் இல்லை.

'நாம்' என்ற சொல்லையும் பாருங்கள். "வெள்ளிக்கிழமை நாங்கள் அனுப்ப வேண்டும்" என்றால் அது அலுவலகத்தின் கவலை. பட்டறைக்காரர் வெளியே நிற்கிறார். "நாம் அனுப்ப வேண்டும்" என்றால் அவரும் உள்ளே வந்துவிடுகிறார். கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் தன்மைப் பன்மையைத் தனியே வைத்திருக்கும் மொழி நம்முடையது. அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் விடுவானேன்? ஆகவே நான் மாணவர்களுக்குச் சொல்வது இதுதான்: வாக்கியத்தை வெட்டுங்கள், விகுதியை வெட்டாதீர்கள்.

இதுவரை, நாம் தொடங்கி எழுதுகிற செய்தியைப் பற்றிச் சொன்னேன். பதில் எழுதும்போது ஆபத்து இன்னும் அதிகம். மேற்பார்வையாளர் ஒரு நீண்ட பதில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாய்லர் பழுதாகிவிட்டது, ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார், உதிரிபாகம் கோவையிலிருந்து வர வேண்டும், இரண்டு பேர் விடுப்பில் இருக்கிறார்கள், வெள்ளி காலைக்கு வாய்ப்பே இல்லை, சனிக்கிழமை காலை என்றால் பார்க்கலாம் என்கிறார். இதற்கு "சரி" என்று மட்டும் எழுதினாலும், கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினாலும், அவர் எதை உணர்வார்? தாம் எழுதியதைப் படித்தார்களா என்பதே அவருக்குத் தெரியாது. சனிக்கிழமைக்கு ஒப்புக்கொண்டார்களா, சலித்துக்கொண்டார்களா என்பதும் தெரியாது.

அதற்காக அவரளவுக்கு நீட்டி எழுத வேண்டியதில்லை. அவர் எழுதியதிலிருந்து ஒரே ஒரு பெயர்ச்சொல்லை எடுத்துத் திருப்பிச் சொன்னால் போதும். "பாய்லர் பழுது என்றால் வியாழன் கடினம்தான் அண்ணா. சனி காலை 10 மணிக்கு ஆளை அனுப்புகிறேன். வாங்குகிறவர்களிடம் திங்கள் கூரியருக்குச் சொல்லிவிடுகிறேன்." முதல் வாக்கியம், படித்தேன் என்பதற்குச் சான்று. இரண்டாவது, முடிவு. மூன்றாவது, அடுத்து நடக்கப்போவது. நீண்ட செய்திக்குக் குறுகிய பதில் எழுதும்போது இந்த மூன்றும் இருந்துவிட்டால் அலட்சியம் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். 'பாய்லர்' என்ற அந்த ஒரு சொல் செய்கிற வேலையை, "தங்கள் நிலையை முழுமையாகப் புரிந்துகொள்கிறோம்" என்ற நீண்ட வாசகம் செய்யாது. அந்த நாளில் வாழ்த்துத் தந்திகளுக்கு எண் இட்ட வாசகங்கள் இருந்தன; எண்ணைக் குறித்தால் வாழ்த்துப் போய்ச் சேரும். யாருக்கும் பொருந்துகிற வாசகம் ஆதலால், அதில் அனுப்பியவர் முகம் தெரிவதில்லை. பாய்லர் பழுதானவருக்குப் பாய்லரைப் பற்றிச் சொல்வதே ஆறுதல்.

அனுப்புவதற்கு முன் செய்து பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. எழுதியதைக் கோபக் குரலில் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எழுத்தில் நம் குரல் போவதில்லை. களைத்துப்போன ஒருவர் அதைத் தம் மனத்தில் தோன்றிய குரலில்தான் படிப்பார். "கருநீலச் சாம்பிள் வெளுப்பு" என்பதைக் கோபமாக எளிதில் படித்துவிடலாம். "கொடுத்தனுப்ப முடியுமா?" என்பதைக் கோபமாகப் படிக்கச் சற்று முயல வேண்டும். "ஏற்கனவே சொன்னேனே" என்பதையோ கோபமில்லாமல் படிக்கவே முடியாது. அந்த ஏகாரம் இடம் கொடாது.

அனுப்பிய பிறகும் வருகிற பதிலே நம் எழுத்துக்கு மதிப்பெண் இட்டுவிடும். "எப்போதைக்கு?", "எது?" என்று திருப்பிக் கேட்டால் குன்றக் கூறியிருக்கிறோம். கடைசி வரிக்கு மட்டும் பதில் வந்தால் மற்றொன்று விரித்திருக்கிறோம். நான்கு வரி எழுதிவந்த ஒருவர் திடீரென்று ஒற்றைச் சொல்லில் பதில் எழுதத் தொடங்கினால், எங்கோ ஒரு விகுதியை வெட்டியிருக்கிறோம். அன்று கைப்பேசியில் எழுதாமல் பேசிவிடுவது நலம்.

அது போலவே, பழி சொல்ல வேண்டிய செய்தியையும், பணத்தகராற்றையும், துக்கச் செய்தியையும் எவ்வளவு நயமாகச் சுருக்கினாலும் இந்தச் சிறு திரை தாங்காது. போன மாதப் பில்லில் உள்ள சந்தேகத்தைக்கூட, அந்த இளைஞர் சனிக்கிழமை சாம்பிளை வாங்கப் போகும்போது நேரில் கேட்டால், ஒரு குவளைத் தேநீர் முடிவதற்குள் தீர்ந்துவிடும்.